நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது

"டாக்டர், எனக்குக் கர்ப்பப்பையில நீர்க்கட்டி இருக்காம். எத்தனை இருக்கு, கரைஞ்சிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

ஸ்கேன் அறைக்குள் வந்து படுக்கையில் ஏறுவதற்குள்ளேயே இதைச் சொல்லிவிடுவார்கள். வாரத்துக்கு நான்கைந்து பேராவது சொல்கிறார்கள். நான் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். இந்தக் கட்டுரையில் வரும் பெண் ஒருவர் அல்லர். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். வயது 26. கல்யாணமாகி இரண்டு வருடம். பின்னலாடை கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கும் வேலை. சில வருடங்களாகவே அவருக்கு மாதவிடாய் நாற்பது நாள், அறுபது நாள் என்று தள்ளித்தள்ளித்தான் வருகிறது. இந்த முறை 78 நாள் வரவில்லை. வந்த பிறகு 16 நாளாக நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6.

அவர் சொன்ன முதல் வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டும் அவருடையவை அல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து பழக்கிவிட்டவை. ஒன்று, அவர் சொல்லும் 'கட்டி' கர்ப்பப்பையில் இல்லை, அதற்கு இரு பக்கமும் இருக்கும் சினைப்பைகளில் இருக்கிறது. இன்னொன்று, அது கட்டியே இல்லை.

சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக ஒரு சிறிய நீர்க் குமிழுக்குள் இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஃபாலிக்கிள் என்பார்கள். மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் ஸ்கேன் செய்தால், எந்த ஆரோக்கியமான இளம்பெண்ணின் சினைப்பையிலும் இப்படி ஏழெட்டுக் குமிழ்கள் தெரியும். இரண்டு மி.மீ. முதல் ஒன்பது மி.மீ. வரை இருக்கும். திரையில் நீர் கருப்பாகத் தெரிவதால் அவை கருப்புப் புள்ளிகளாகத் தோன்றும். அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்தி, நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மி.மீ. வீதம் வளர்ந்து, இருபது மி.மீ. அளவை ஒட்டி வந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடும். மற்றவை சுருங்கிப் போகும். இந்தப் பெண்ணின் உடலில் அந்த ஒன்று முந்தவில்லை. பல குமிழ்கள் ஐந்தாறு மி.மீ. வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. 'பாலிசிஸ்டிக்' என்ற பெயரில் 'சிஸ்ட்' இருப்பதால் அது தமிழில் நீர்க்கட்டி ஆகிவிட்டது. 'கட்டி' என்றதும் புற்றுநோயும் அறுவை சிகிச்சையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இவை வளர்ச்சி பாதியில் நின்ற குமிழ்கள். எடுக்க வேண்டியதில்லை, 'கரைக்க'வும் எதுவும் இல்லை. பன்னிரண்டு இருந்தது எட்டாகிவிட்டதா என்று எண்ணிப் பார்ப்பதால் பயனும் இல்லை. உண்மையான நீர்க்கட்டி வேறு. அது பெரும்பாலும் ஒன்றாக, மூன்று நான்கு செ.மீ. அளவில் வரும். அதிலும் பல, ஒரு மாதவிடாய் அல்லது இரண்டு மாதவிடாயில் தானாகவே மறைந்துவிடும்.

சரி, அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு ஏன் 78 நாள் வரவில்லை, வந்தது ஏன் நிற்கவில்லை? இதற்குச் சினைப்பையை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. கர்ப்பப்பையின் உட்சுவர்ப் படலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் எண்டோமெட்ரியம் என்று இருக்கும். அதற்கு எதிரே மி.மீ. கணக்கில் ஒரு எண் இருக்கும். 'நீர்க்கட்டி' என்ற சொல்லைத் தேடும் கண் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறது. மாதவிடாய்ச் சிக்கலில் எனக்கு அதிகம் சொல்வது அந்த எண்தான்.

இந்தப் படலத்தை ஒரு நெல்வயலாக நினைத்துக்கொள்ளலாம். வளரும் குமிழ்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பயிருக்குத் தண்ணீரும் உரமும் போல, அது படலத்தை வளர்க்கும். குமிழ் வெடித்து முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திசு உருவாகி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அது வளர்ச்சியை நிறுத்திப் பயிரை முற்ற வைக்கும். கரு தங்காவிட்டால் அந்தத் திசு ஏறக்குறைய பதினான்கு நாளில் ஓய்ந்துவிடும். இரண்டு ஹார்மோனும் ஒன்றாக இறங்கும்போது, முற்றிய பயிரை ஒரே நேரத்தில் அறுப்பதுபோல் மேல்படலம் முழுவதும் கழன்று நான்கைந்து நாளில் வெளியேறிவிடும். முட்டை வெடிக்காத மாதத்தில் என்ன ஆகும்? தண்ணீரும் உரமும் தொடர்ந்து கிடைக்கும், முற்றவைக்க ஆள் இல்லை. பயிர் உயர்ந்துகொண்டே போய், தன் எடையைத் தாங்காமல் அங்கங்கே சாயும். படலமும் அப்படித்தான் இன்று ஒரு பகுதி, நான்கு நாள் கழித்து இன்னொரு பகுதி என்று உதிர்கிறது. உதிரப்போக்கு வருகிறது, ஆனால் முடிவதில்லை. உண்மையில் அது மாதவிடாயே அல்ல.

இவை எல்லாம் ஸ்கேன் திரையில் நேரடியாகத் தெரிகின்றன. மாதவிடாய் முடிந்த கையோடு பார்த்தால் படலம் மூன்று நான்கு மி.மீ. மட்டுமே தடித்த மெல்லிய வெள்ளைக் கோடு. முட்டை வளரும் நாட்களில் மூன்று கோடுகள் தெரியும்: நடுவில் ஒன்று, இரு ஓரத்தில் இரண்டு, இடையில் கருமை. அப்போது எட்டு, பத்து மி.மீ. வரை வளர்ந்திருக்கும். முட்டை வெடித்த பிறகு இடையிலிருந்த கருமை மறைந்து, படலம் முழுவதும் வெண்மையாகிவிடும். பன்னிரண்டு, பதினான்கு மி.மீ. இருந்தாலும் அப்போது இயல்புதான். ஆகவே "பன்னிரண்டு மி.மீ. அதிகமா?" என்று கேட்டால், எந்த நாளில் என்று தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு முன் "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?" என்று கேட்பது இதற்காகத்தான். தேதி இல்லாத தடிமன் பாதிச் செய்தி. இதை வெளிப்படையாகச் சொல்கிறேன்: எங்கள் ரிப்போர்ட்டுகளிலேயே பல நேரம் அந்தத் தேதி இருப்பதில்லை. அது எங்கள் குறைதான்.

மேலே சொன்ன பெண்ணுக்கு ஸ்கேனுக்கு முன்பே சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தோம். தள்ளிப்போய்ப் பிறகு வரும் உதிரப்போக்கில் முதலில் விலக்க வேண்டியது அதுவே. கரு கலைவதாக இருக்கலாம், கருக்குழாயில் கரு தங்கியதாகவும் இருக்கலாம். இல்லை என்று வந்தது. முதலில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தேன். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒலி அலை காற்றைத் தாண்டாது. குடலில் இருக்கும் காற்று கர்ப்பப்பையை மறைத்துவிடும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளிவிட்டு, தானே ஒரு நீர் ஜன்னலாக நிற்கிறது. தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைப்பது இந்த ஜன்னலுக்காகத்தான். அந்த ஜன்னல் வழியே கர்ப்பப்பை நன்றாகத் தெரிந்தது. சினைப்பைகள் மங்கலாகவே இருந்தன. பிறகு அவரிடம் விளக்கி, சம்மதம் கேட்டு, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாகப் பார்த்தேன். உறை போட்ட மெல்லிய கருவி அது. சினைப்பைக்குச் சில செ.மீ. அருகில் போய்விடுவதால் நுணுக்கமான படம் கிடைக்கிறது. உடலுறவு பழக்கமில்லாத பெண்களுக்கு இந்த முறையைச் செய்வதில்லை. விருப்பமில்லை என்று யார் சொன்னாலும் செய்யக் கூடாது.

திரையில் தெரிந்தது இது. கர்ப்பப்பை இயல்பான அளவு, நார்த்திசுக்கட்டி எதுவும் இல்லை. உட்சுவர்ப் படலம் 15 மி.மீ. வலது சினைப்பை 4.1, 2.8, 2.3 செ.மீ. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, முட்டை வடிவத்துக்கு உரிய 0.523 என்ற எண்ணால் மீண்டும் பெருக்கினால் கன அளவு வரும்: ஏறக்குறைய 13.8 மி.லி. இடது 11 மி.லி. வலதுபுறம் சிறு குமிழ்கள் இருபதுக்கு மேல். இரண்டு பக்கத்திலும் பத்து மி.மீ. தாண்டிய குமிழ் ஒன்றுகூட இல்லை. முட்டை வெடித்த தடமான கார்பஸ் லூட்டியமும் எங்கும் இல்லை.

பாலிசிஸ்டிக் சினைப்பை என்று சொல்ல 2003ஆம் ஆண்டின் ராட்டர்டாம் அளவுகோல் பன்னிரண்டு குமிழ்களையே போதும் என்றது. கருவிகள் கூர்மையானபோது இயல்பான பெண்களிடமும் பன்னிரண்டு எளிதாகத் தெரியத் தொடங்கியது. அதனால் 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்கு அந்த எண்ணை இருபதாக உயர்த்தியது. 2023ஆம் ஆண்டின் திருத்தமும் அதே எண்ணையே வைத்திருக்கிறது. கன அளவுக்கு எல்லை பத்து மி.லி. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது எண்ணிக்கையை நம்ப முடியாது, கன அளவைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இருபது மி.மீ. குமிழ் ஒன்று சினைப்பைக்குள் இருந்தாலே கன அளவு பத்தைத் தாண்டிவிடக்கூடும். அது அந்த மாதத்து முட்டை, நோய் இல்லை. அடுத்த மாதவிடாய் வந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் சினைப்பை இரண்டு எல்லையையும் தாண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய கதையைச் சொன்னது அந்த 15 மி.மீ.தான். பதினாறு நாள் உதிரப்போக்குக்குப் பிறகு படலம் மெல்லிய கோடாகியிருக்க வேண்டும். அது இன்னும் தடித்தே இருக்கிறது என்றால், கழன்றது மேலே கொஞ்சம், நிற்பது நிறைய. கார்பஸ் லூட்டியம் இல்லை என்பது அதற்குக் காரணம் சொல்கிறது: முட்டை வெடிக்கவில்லை, புரோஜெஸ்டிரோன் வரவில்லை. படலமும் சினைப்பையும் ஒரே கதையைச் சொல்கின்றன. அதனால் அதை நம்பலாம்.

இரண்டும் வேறுவேறு கதை சொல்லும் நேரமும் உண்டு. வேறொரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. சினைப்பையில் ஏராளமான குமிழ்கள். ரிப்போர்ட்டில் 'பி.சி.ஓ.டி.' என்று வந்துவிட்டது. ஆனால் படலம் மூன்று மி.மீ.தான். மூன்று மாதம் கழலாத படலம் மெல்லியதாக எப்படி இருக்கும்? உரமே போகவில்லை என்று பொருள். உடல் எடை சட்டென்று குறைந்தவர்கள், சரியாகச் சாப்பிடாமல் கடுமையாக ஓடிப் பயிற்சி செய்பவர்கள், பெரும் மன அழுத்தத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் கட்டளையே அடங்கிவிடும். அவர்களுடைய சினைப்பையும் பாலிசிஸ்டிக் போலவே தோன்றக்கூடும். பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் கூடியிருந்தாலும் படலம் மெலிந்திருக்கும். இவர்களிடம் "எடையைக் குறையுங்கள்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டால் கேடு இரட்டிப்பாகும். கருப்புப் புள்ளிகளை எண்ணிவிட்டுப் படலத்தைப் பார்க்காமல் விடுவதால் வரும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

இன்னொருவர், 50 நாள் தள்ளிப்போய் பயத்தோடு வருகிறார். படலத்தில் மூன்று கோடு, ஒன்பது மி.மீ. இடது சினைப்பையில் 19 மி.மீ. குமிழ். இவருக்கு நான் சொல்வது: "முட்டை இப்பத்தான் வெடிக்கத் தயாரா இருக்கும்மா. அது வெடிச்சா, இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல ஆகித்தான் பீரியட்ஸ் வரும்." தாமதித்தது மாதவிடாய் இல்லை, முட்டை. மாத்திரை போட்டு இப்போதே வரவழைக்க அவசரப்பட வேண்டியதில்லை. இவருடைய கர்ப்பப் பரிசோதனை இன்று இல்லை என்று வந்தாலும், மூன்று வாரம் கழித்து வரும் விடைதான் விடை.

புள்ளிகள் மட்டுமே இருந்து எந்தச் சிக்கலும் இல்லாதவர்களும் உண்டு. மாதாமாதம் ஒழுங்காக மாதவிடாய் வரும் இளம்பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சினைப்பை இப்படித் தெரிகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் மிகுதியால் வரும் முகத்து முடியும் முகப்பருவும், ஸ்கேனில் தெரியும் சினைப்பை ஆகிய மூன்றில் இரண்டாவது இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். அதற்கும் முன் தைராய்டு, புரோலாக்டின் போன்ற மற்றக் காரணங்களை விலக்க வேண்டும். முதல் இரண்டும் தெளிவாக இருப்பவர்களுக்கு நோயைக் கண்டறிய ஸ்கேனே தேவையில்லை.

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும் வரை, பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் சினைப்பை நிறைய குமிழ்களோடு இருப்பது வளர்ச்சியின் இயல்பு. கடும் வலி, விடாத உதிரப்போக்கு, பூப்படையவே இல்லை என்பது போன்ற கேள்விகளுக்காக ஸ்கேன் செய்யலாம், செய்யவும் வேண்டும். அந்த ரிப்போர்ட்டின் ஓரத்தில் வரும் 'பி.சி.ஓ.டி.'யை வைத்து ஒரு பள்ளிப் பிள்ளையிடம் "உனக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அதை அவள் பத்து வருடம் சுமப்பாள்.

வயதின் மறுமுனையில் கணக்கே மாறிவிடும். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலான பெண்ணுக்குப் படலத்தை வளர்க்கும் ஹார்மோன் இல்லை. அவருக்குத் திடீரென்று உதிரம் பட்டால் நான்கு மி.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்குள் இருந்தால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. தாண்டினால் படலத்திலிருந்து திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நான்குக்குள் இருந்தும் உதிரம் மறுபடி மறுபடி பட்டால் அப்போதும் எடுக்க வேண்டும். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு மி.மீ. ஒன்றுமில்லை. அறுபது வயதில், இரண்டு சொட்டு உதிரம் பட்ட பெண்ணுக்கு ஆறு மி.மீ. கூட விடக்கூடாத எண்.

26 வயதுக்காரருக்குத் திரும்புவோம். 15 மி.மீ. படலத்தில் என்னால் தீர்க்க முடியாத ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தடித்த படலம் வெண்மையாக இருக்கும்போது, அதற்குள் ஒளிந்திருக்கும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியும் வெண்மையாகவே தெரியும். வெண்மைக்குள் வெண்மை. ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையில், பாலிப்புக்குள் நுழையும் ஒற்றை ரத்தக் குழாய் சில நேரம் காட்டிக்கொடுக்கும். இவரிடம் அப்படி எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று எழுதிவிட முடியாது. அதேபோல், படலத்தின் செல்கள் மாறத் தொடங்கிவிட்டனவா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. தடிமனைத்தான் அளக்கிறோம். செல்லைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். 45 வயதுக்கு மேல் இப்படிப்பட்ட உதிரப்போக்கு என்றால் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வயது குறைவாக இருந்தாலும், வருடக்கணக்கில் முட்டை வெடிக்காமல், உடல் பருமனும் சேர்ந்திருந்தால், அல்லது மருந்துக்கு உதிரம் அடங்காவிட்டால், அதே பரிசோதனை தேவைப்படும்.

அதனால் ரிப்போர்ட்டில், மாதவிடாய் முடிந்த உடனே மறு ஸ்கேன் என்று எழுதினேன். மகப்பேறு மருத்துவர் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையும் இரும்புச் சத்தும் கொடுத்தார். முற்றாத பயிரை முற்றவைத்து ஒரே நாளில் அறுவடைக்குக் கொண்டுவரும் வேலைதான் அந்த மாத்திரைக்கு. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் நல்ல உதிரப்போக்கோடு வந்தது. பயந்து போன் செய்தார். அதுதான் வர வேண்டும் என்று சொன்னோம். ஐந்தாம் நாள் குறைந்துவிட்டது, ஆறாம் நாள் ஸ்கேனுக்கு வந்தார். படலம் நான்கு மி.மீ., ஓரம் முதல் ஓரம் வரை சீரான மெல்லிய கோடு. பாலிப் இருந்திருந்தால் அந்த மெல்லிய கோட்டின் நடுவே வெள்ளை உருண்டையாகப் புடைத்துக்கொண்டு நின்றிருக்கும். அப்போதும் சந்தேகம் என்றால், கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் வழியே கொஞ்சம் உப்புநீர் விட்டுப் பார்ப்போம். கருப்பு நீருக்குள் அது தனியாகத் தெரியும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

சினைப்பைகள் அன்றும் அதே 13, 11 மி.லி. தான். அதே கருப்புப் புள்ளிகள். "கரையவே இல்லையா?" என்று கேட்டார். திரையைத் திருப்பி, முன்பு எடுத்த படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து, அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். இனி எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று காலண்டரில் குறியுங்கள், மூன்று மாதம் வராமல் விடாதீர்கள் என்றேன்.

ஏழெட்டு மாதம் கழித்து வந்தார். தினமும் நடக்கிறார், ஐந்து கிலோ குறைந்திருக்கிறார், மாதவிடாய் முப்பத்தைந்து நாற்பது நாளுக்கு ஒருமுறை வருகிறது. அன்றைக்கு 29ஆம் நாள். படலம் பதினொரு மி.மீ., முழு வெண்மை. இடது சினைப்பையின் ஓரத்தில், வண்ண டாப்ளரைப் போட்டதும், ஒரு சிறிய வட்டத்தைச் சுற்றி நெருப்பு வளையம் போல ரத்த ஓட்டம் தெரிந்தது. முட்டை வெடித்த இடம். சுற்றிலும் அதே பழைய கருப்புப் புள்ளிகள் இருந்தன.